ஆறு மாதக் குறைவு

மண்டபம் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் கள ஒருங்கிணைப்பாளர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். "3 ஆண்டு அனுபவம் இல்லாததால் ஏற்க இயலவில்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தது. வேறு எதிலும் குறை சொல்லவில்லை.

அன்று இரவே ஒரு கடிதம் எழுதினேன். வீட்டுக் கஷ்டம், ஆறு மாதம்தானே குறைகிறது, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் என்றெல்லாம் இருந்தது. நல்ல வேளை, அனுப்பவில்லை. காலையில் காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு, அவர்கள் எப்படிக் கணக்கிட்டிருப்பார்கள் என்று பார்த்தேன்.

மீன் இறங்குதளத்தில் கணக்கெடுப்பதுதான் என் வேலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. எங்களுக்கும் வேலை இருக்காது. அதனால் ஒவ்வோர் ஒப்பந்தமும் பத்து மாதம்தான். மூன்று ஒப்பந்தத்துக்கு 30 மாதம். அவர்கள் கணக்கு சரி. தடைக்கால இடைவெளியையும் சேர்த்துக் கேட்கலாமே என்று நண்பன் சொன்னான். சம்பளம் இல்லாத மாதத்தை அனுபவம் என்று காட்ட எனக்கு மனமில்லை. காட்டினால் மற்றக் கணக்கையும் நம்பமாட்டார்கள்.

ஆனால் அதற்கு முன்பு, தங்கச்சிமடத்தில் பாசி வளர்க்கும் பெண்கள் குழு ஒன்றுக்கு எட்டு மாதம் கணக்கு எழுதினேன். மதிப்பூதியம்தானே என்று அதை 'இதர விவரங்கள்' பகுதியில் ஒரு வரியாகப் போட்டிருந்தேன். தப்பு என்னுடையதுதான்.

அப்போதுதான் ஒன்று விளங்கியது. விதியைத் தளர்த்துங்கள் என்று கேட்பது வேறு. விட்டுப்போனதைச் சேர்த்து எண்ணிப் பாருங்கள் என்று கேட்பது வேறு. இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால், நம் கணக்கில் நமக்கே நம்பிக்கை இல்லாததுபோல் ஆகிவிடும். நான் இரண்டாவதை மட்டும் கேட்டேன்:

"தங்கள் முடிவைப் பெற்றுக்கொண்டேன். ஒப்பந்தப் பணி 30 மாதம் என்பது சரியே. அதற்கு முந்தைய எட்டு மாதக் குழுப் பணியை அனுபவப் பகுதியில் குறிப்பிடாதது என் பிழை. குழுத் தலைவியின் கடிதமும் மதிப்பூதியம் வரவான வங்கிப் புத்தகப் பக்கங்களும் இணைத்துள்ளேன். இப்பணியை அனுபவமாக ஏற்க இயலுமா என மறுபரிசீலனை செய்யக் கேட்டுக்கொள்கிறேன். ஏற்க இயலாதெனில் தங்கள் முடிவை மதிக்கிறேன்."

நேர்காணல் தேதி அறிவிக்கும் முன்பே போய்ச் சேர வேண்டும் என்று மறுநாளே அனுப்பினேன். அரசுப் பணித் தேர்வாக இருந்தால் எழுதியிருக்கமாட்டேன். விண்ணப்பத்தில் சொல்லாததைக் கடைசித் தேதிக்குப் பிறகு அங்கே சேர்ப்பது மிகக் கடினம்.

ஒரு வாரத்தில் போன் வந்தது. வங்கிப் புத்தகத்தில் ஆறு மாத வரவுதான் இருக்கிறது, மீதி இரண்டு மாதம் எங்கே என்று கேட்டார்கள். "அது ரொக்கமாகக் கொடுத்தது சார், குழுவின் தீர்மானப் புத்தகத்தில் இருக்கும்" என்றேன். அசலைக் கொண்டுவரச் சொன்னார்கள். தலைவி அக்காவிடம் கேட்டதும், "புத்தகத்தைத் தனியா தரமாட்டேன் தம்பி, நானே வர்றேன்" என்றார். மஞ்சப்பையில் அதைச் சுற்றி எடுத்துக்கொண்டு, பாம்பன் பாலம் தாண்டி என்னோடு பஸ்ஸில் வந்தார்.