மூன்றாவது கட்டத்தில் ஆளில்லை

ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை அந்தக் கடிதம் வந்தது. மகளின் தடுப்பூசி விவரத்தைக் குறித்த தேதிக்குள் தராவிட்டால் பள்ளியிலிருந்து இடைநீக்கம். ஊசியெல்லாம் மதுரையிலேயே போட்டாயிற்று. ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அந்த விவரத்தைப் பெற்றோர்தான் சுகாதாரப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும்; தவறினால் 20 பள்ளி நாட்கள் வரை பிள்ளை வீட்டில் இருக்க நேரலாம். 'ஊசி அட்டை' என்று ஆறு மாதமாக என் பட்டியலில் எழுதி வைத்திருந்தேன். கடிதத்தைப் படித்ததும் அழுகை வந்துவிட்டது.

அன்று ராத்திரி ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டேன். அவசரமும் முக்கியமும், முக்கியம் மட்டும், அவசரம் மட்டும், இரண்டும் இல்லாதது. அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் 1954இல் பேசிய பேச்சிலிருந்து வளர்ந்த முறை இது. என்னிடம் 14 வேலைகள். முதல் சுற்றில் ஒன்பது வேலைகள் முதல் கட்டத்திலேயே குவிந்தன. முதல் கட்டம் இப்படி வழிந்தால் பிரித்தது சரியில்லை என்று அர்த்தம். அதனால் ஒவ்வொன்றையும் கேட்டேன்: புதன்கிழமைக்குள் செய்யாவிட்டால் திருத்த முடியாதபடி என்ன ஆகும்? பீட்சா மதியச் சாப்பாட்டுப் படிவம் தவறினால் அன்றைக்குத் தயிர்சாதம் கொடுத்துவிடலாம். பிறந்தநாள் விழாவுக்குப் பதில் சொல்வது ஒரு நிமிட வேலை. கடைசியில் நின்றவை மூன்று: ஊசி விவரம், வாடகை, அலுவலக அறிக்கை.

மூன்றாவது கட்டத்தில்தான் தவித்துப்போனேன். அவசரம் மட்டும் உள்ளதை யாரிடமாவது கொடுக்க வேண்டுமாம். யாரிடம்? ஊரில் அம்மா பட்டியல் எழுதியதே இல்லை. "பாப்பாவைக் கூட்டிட்டு வந்துரு" என்று மாடியிலிருந்து குரல் கொடுத்தால் போதும், எதிர்வீட்டு அத்தை செருப்பை மாட்டிவிடுவார். எரிவாயு உருளைக்காரருக்குக் காசு கொடுக்கவும் மாவு அரைத்து வாங்கவும் தெருவே இருந்தது. இங்கே ஸ்கார்பரோவில் பதினோராவது மாடியில் அந்தக் கட்டம் வெறுமையாகக் கிடந்தது.

மறுநாள் மின்தூக்கியில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "புதன்கிழமை நான் கூட்டிக்கொண்டு வாறன், வெள்ளிக்கிழமை நீங்கள் என்ர மகனைப் பாருங்கோ" என்றார். அவ்வளவுதான். உதவி கேட்டால் சுமையாகுமோ என்று பயந்திருந்தேன். முறை வைத்துக்கொண்டதும் இருவருக்கும் ஒரு மாலை மிச்சமானது.

இரண்டாவது கட்டத்துக்குத் தேதி கிடையாது. அதனால்தான் ஊசி அட்டை அங்கிருந்து நழுவி நெருக்கடியாகிவிட்டது. இப்போது அந்தக் கட்டத்து வேலை ஒவ்வொன்றுக்கும் நாளும் நேரமும் எழுதுகிறேன். மகளின் படிப்புச் சேமிப்புக் கணக்குக்கு அக்கா தரும் புதன்கிழமை, மாலை 5 மணி.

ஊசி அட்டை பீரோவில் ரேஷன் கார்டோடு இருந்தது. அம்மா படம் எடுத்து அனுப்பினார், ஓரத்தில் அவர் பெருவிரல் தெரிந்தது. இணையத்தில் பதிந்து முடித்த பிறகும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் இரண்டாவது கட்டத்தில் இன்னொரு வரி சேர்த்தேன்: அம்மா, சனிக்கிழமை காலை 8. அங்கே மாலை 5.30, பூக்காரம்மா தெருவில் குரல் கொடுக்கும் நேரம்.