காட்டாத முதல் வள்ளமும் மீதி நாலும்

பாம்பன், மண்டபம் பக்கம் பைபர் வள்ளங்களைச் செப்பனிடுகிறவர்களுக்கு இப்படி ஒரு தகவல் வருவது சாதாரணம்: "மேஸ்திரி, முதல் வள்ளத்துக்குச் செஞ்ச மாதிரியே மீதி நாலுக்கும் செஞ்சிருங்க." முதல் வள்ளத்தை வேறு ஆள் வேறு இடத்தில் முடித்திருப்பார். அது கடலுக்கும் போயிருக்கும். படமோ குறிப்போ வந்திருக்காது. சொல்கிறவர் கண்ணுக்குள் அந்த வள்ளம் நிற்பதால், நமக்கும் தெரியும் என்று எண்ணிக்கொள்கிறார்.

அந்த வள்ளத்தையே கரைக்கு இழுத்துவந்து காட்டினாலும் பாதிதான் தெரியும். ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சைப் பூசியபின் உள்ளே ஐந்து கண்ணாடியிழை மேட் ஒட்டியிருக்கிறதா, பட்டி அடைத்து மேலே ஒரு மேட் போட்டிருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே வழவழப்பு, ஒரே நிறம்.

வள்ளத்தின் அடித்தண்டான ஏரா ஓரமாக 15 செ.மீ. நீளத்துக்கு முழுதும் ஊடுருவிய வெடிப்பு, பைபர் கனம் 5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கனத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு சரித்து அரைப்பது நல்ல கணக்கு. அதாவது வெடிப்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் 6 செ.மீ.; அரைத்த இடம் 27-க்கு 12 செ.மீ. வரும். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஒன்று ஏறக்குறைய 1 மி.மீ. கனம் தருவதால், ஐந்து மேட் வேண்டும். இவ்வளவு அகலம் எதற்கு என்று கேட்கலாம். இறுகிப்போன பழைய ரெசினோடு புது ரெசின் ஒன்றாகக் கலப்பதில்லை, பசைபோல மேலே பிடித்துக்கொள்வதுதான். பிடிக்கும் பரப்பு குறைந்தால் அலை மோதமோத ஓரத்தில் கிளம்பிவிடும். வெடிப்பை மட்டும் குறுகலாகக் கீறிப் பட்டி அடைத்த வேலை இப்படித்தான் போகிறது. முதல் வள்ளத்துக்கு எது நடந்தது? "அதே மாதிரி" என்ற சொல்லில் அதற்குப் பதில் இல்லை.

மீதி நாலும் ஒரே நோவோடு வந்திருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. ஒன்றில் அதே வெடிப்பு இருக்கலாம். இன்னொன்றில் ஜெல்கோட்டில் மட்டும் மயிரிழைக் கீறல்கள் இருக்கலாம். அதில் ஐந்து மேட்டுக்கு அரைத்தால் நல்ல பைபரை நாமே தின்றதாகும். எஞ்சின் மாட்டும் பின்பலகையைச் சுத்தியால் தட்டும்போது 'டொக்' என்று மந்தமாகக் கேட்டால் உள்ளே மரம் ஊறியிருக்கக்கூடும். அதன்மேல் மேட் ஒட்டினால் தண்ணீரை உள்ளே பூட்டிவைத்த கதைதான். திறந்து, ஊறிய மரத்தை எடுத்துத்தான் ஆகவேண்டும். அதற்குக் கூலியே வேறு.

ஆகவே கிரைண்டரைத் தொடும் முன் கேட்கவேண்டியவை மூன்று. முதல் வள்ளத்தில் உடைந்தது எந்த இடம்? மேட் உள்பக்கம் ஒட்டியதா, வெளிப்பக்கமா, இரண்டுமா? எத்தனை மேட்? "எனக்கு என்னண்ணே தெரியும், வேலை நல்லா இருந்துச்சு" என்று முதலாளி சொன்னால், சரக்கு வாங்கிய பில்லைக் கேளுங்கள். அது ஓரளவு பேசும். கைவேலையில் மேட்டின் எடையைப்போல் சுமார் இரண்டரை மடங்கு ரெசின் செல்லும். மேலே சொன்ன வெடிப்பில் ஒரு முழு மேட்டின் எடை 15 கிராம்தான். ஐந்தும் சேர்ந்து 75 கிராமைத் தாண்டாது. ரெசினும் 200 கிராமுக்குள் அடங்கும். வெட்டுச் சேதாரம் சேர்த்தாலும் கால் கிலோ மேட் தாராளமாகப் போதும். பில்லில் மூன்று கிலோ மேட் இருந்தால் முதல் வள்ளத்தைச் செய்தவர் அடிப்பாகம் நெடுக ஒட்டியிருக்கிறார் என்று சந்தேகிக்கலாம். பட்டி இரண்டு கிலோவும் மேட் ஒரு கைப்பிடியும் என்றால் சங்கதி வேறு. அப்படிப்பட்ட வேலையை நாலு முறை திரும்பச் செய்வதைவிட, முதலாளியிடம் வெளிப்படையாகப் பேசிவிடுவது மேல் என்பது என் எண்ணம்.

பில்லும் இல்லையா? நாலில் வெடிப்புள்ள ஒன்றை எடுத்து ஜெல்கோட்டுக்கு முன்வரை முடியுங்கள். அரைத்து முடித்ததும், அளவுநாடாவைப் பக்கத்தில் வைத்து ஒரு படம். கடைசி மேட் இறுகியதும் இன்னொரு படம். "இதுதான் நாங்க செய்யுற விதம், மேட் அஞ்சு, வெளிப்பக்கம் மட்டும். சரின்னா மீதியைத் தொடுறோம்" என்று எழுதி அனுப்புங்கள். எந்த வள்ளத்துக்கு இது பொருந்தாது என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள்.

பதிலுக்கு மறுநாள் காலைவரை என்று கெடு வையுங்கள். மேற்பரப்பு பிசுபிசுப்பாக இருக்கும்போது அடுத்த பூச்சு நன்றாகப் பிடிக்கும். அதைத் தாண்டிவிட்டால், கடற்காற்றில் உப்பும் மணலும் படிந்த மேட்டை நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, மறுபடி தேய்த்த பிறகுதான் ஜெல்கோட் தொடமுடியும்.