‘ன்’ போய் ‘ர்’ வந்தால் போதுமா? பால் சார்ந்த முன்முடிவை நீக்கித் திருத்தி எழுதுவது

செம்மையாக்கம், மொழிபெயர்ப்பு சார்ந்த தேர்வுகளில் ‘ஆண், பெண் என்ற முன்முடிவு இல்லாமல் திருத்தி எழுதுக’ என்று ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால், பெரும்பாலான விடைகள் ஒரே இடத்தில் நின்றுவிடுகின்றன. ‘மாணவன்’ என்பது ‘மாணவர்’ ஆகும், ‘வந்தான்’ என்பது ‘வந்தார்’ ஆகும். எழுத்து மாறிவிட்டதால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் வாக்கியம் சொல்லாமல் சொல்லும் முன்முடிவு பல நேரங்களில் அப்படியே உள்ளே இருக்கும். அதையும் எடுக்க முயன்றால் வாக்கியம் விறைத்துப்போய், யாரும் பேசாத நடைக்குப் போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவில் எப்படி எழுதுவது என்பதை ஒரு வாக்கியத்தை வைத்தே பார்க்கலாம்.

‘நல்ல மருத்துவன் நோயாளியிடம் பேசும்போது, அவன் மனைவி என்ன சமைத்துப் போடுகிறாள் என்றும் கேட்பான்.’

முதலில் பென்சிலை எடுத்து, பால் தெரியும் இடங்களையெல்லாம் அடிக்கோடிட வேண்டும். தமிழில் அது நான்கு இடங்களில் ஒளிந்திருக்கும்: பெயரின் ஈறு, சுட்டுப்பெயர், வினைமுற்றின் ஈறு, உறவுச்சொல். இந்த வாக்கியத்தில் ‘மருத்துவன்’, ‘அவன்’, ‘மனைவி’, ‘போடுகிறாள்’, ‘கேட்பான்’ என்று ஐந்து கோடுகள் விழும். ‘நோயாளி’ என்ற சொல்லுக்குக் கோடு வேண்டாம். தொழிலாளி, விவசாயி, பயனாளி போல அதுவும் இருபாலுக்கும் பொது. வினைமுற்றைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். வாக்கியத்தின் கடைசியில் இருப்பதால் கண் அங்கே போய்ச் சேர்வதற்குள் கை அடுத்த வினாவுக்குப் போய்விடும். பெயரை ‘மருத்துவர்’ என்று மாற்றிவிட்டு ‘கேட்பான்’ என்பதை விட்டுவைத்த விடை, பால் வழுவாகவும் ஆகிவிடுகிறது.

ஈறுகளை மட்டும் மாற்றினால் கிடைப்பது இது: ‘நல்ல மருத்துவர் நோயாளியிடம் பேசும்போது, அவர் மனைவி என்ன சமைத்துப் போடுகிறார் என்றும் கேட்பார்.’ படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நோயாளி ஆண், திருமணமானவர், வீட்டில் சமைப்பது மனைவி ஆகிய மூன்று முன்முடிவுகளும் போகவில்லை. மரியாதை கூடியதே தவிர வேறெதுவும் மாறவில்லை.

அடுத்ததாக வரும் விடை இதற்கு நேர் எதிர்: ‘அவரது வாழ்க்கைத் துணைவர் அல்லது துணைவியார் அல்லது குடும்ப உறுப்பினர் என்ன சமைத்து வழங்குகிறார் என்றும் கேட்பார்.’ எந்த மருத்துவரும் இப்படிக் கேட்கமாட்டார். இத்தனை சொல் சேர்த்த பிறகும், நோயாளிக்கு வேறு யாரோ சமைத்துப் போடுகிறார் என்ற எண்ணம் மிச்சம் இருக்கிறது. அதோடு ‘அவரது’ என்பது மருத்துவரா நோயாளியா என்ற குழப்பமும் தீரவில்லை.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த வாக்கியம் உண்மையில் எதைச் சொல்ல வந்தது? நோயாளி என்ன சாப்பிடுகிறார் என்பதையும் மருத்துவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதைச் சொல்ல வந்தது. மனைவி அதற்குள் பழக்கத்தால் நுழைந்தவர். ஆகவே: ‘நல்ல மருத்துவர் நோயாளியிடம் பேசும்போது, வீட்டில் என்ன சாப்பாடு என்றும் கேட்பார்.’ தனியாக இருப்பவருக்கும், தானே சமைப்பவருக்கும், பிள்ளைகள் சமைத்துப் போடும் முதியவருக்கும் இது பொருந்தும். முதலில் இருந்ததைவிடச் சின்னதாகவும் இருக்கிறது. திருத்திய வாக்கியம் மூலத்தைவிட நீண்டுவிட்டால், பெரும்பாலும் தவறான இடத்தில் கைவைத்திருக்கிறோம் என்று அர்த்தம்.

சில நேரம் சமைப்பவர் யார் என்பதே முக்கியமாக இருக்கும். உப்பைக் குறைக்கச் சொல்வதை அவர் காதில்தானே போட வேண்டும். அப்போது ‘வீட்டில் சமைப்பது யார் என்றும் கேட்பார்’ என்று எழுதலாம். ‘சமைப்பவன்’, ‘சமைப்பவள்’ என்பதில் பால் உண்டு. ‘சமைப்பது’ என்பதில் இல்லை. மூலத்தில் இருந்த தகவலை அழிக்காமல் முன்முடிவை மட்டும் எடுத்த விடை இது.

ஒருவரைக் குறிக்கப் பலர்பாலைப் பயன்படுத்துவது இன்றைய நாகரிகம் என்று நினைக்க வேண்டாம். தொலைவில் தெரிவது ஆணா பெண்ணா என்று ஐயம் வந்தால் பன்மையில் சொல்ல வேண்டும் என்று தொல்காப்பியக் கிளவியாக்கமே விதிக்கிறது: ‘பால்மயக் குற்ற ஐயக் கிளவி, தானறி பொருள்வயின் பன்மை கூறல்.’ அதாவது பால் தெரியாத இடத்தில் எதை எழுதுவது என்பதற்குத் தமிழ் வெகு காலம் முன்பே விடை வைத்திருக்கிறது. ‘அவன்/அவள்’ என்று சாய்கோடு போடும் தேவை தமிழுக்கு அநேகமாக வருவதே இல்லை.

அதைவிடப் பெரிய வசதி, பாலே காட்டாத வினைகள். வரவேண்டும், வரலாம், வரக்கூடாது, வரமுடியும், வரவில்லை, வரட்டும் ஆகியவை யாருக்கும் பொது. எச்சங்களும் அப்படியே: வந்து, வந்தால், வந்த, வரும்போது. விதிமுறை, அறிவிப்பு, செய்முறைக் குறிப்பு எல்லாம் பெரும்பாலும் இந்த வினைகளிலேயே ஓடுபவை. ‘தேர்வு எழுதும் மாணவன் அவனுடைய அடையாள அட்டையைக் கொண்டுவர வேண்டும், அவன் தாமதமாக வந்தால் அவனை உள்ளே விடமாட்டார்கள்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இதைத் திருத்தச் சொன்னால் ‘மாணவன்/மாணவி அவனுடைய/அவளுடைய’ என்று தொடங்கி மூச்சு முட்டும் விடைகள் வரும். ‘அவனுடைய’, ‘அவன்’, ‘அவனை’ மூன்றுமே தமிழுக்குத் தேவையில்லாதவை. எழுவாயை ஒருமுறை சொன்னால் போதும், மீதியை வாசகர் தாமே எடுத்துக்கொள்வார்: ‘தேர்வு எழுத வருபவர்கள் அடையாள அட்டையைக் கொண்டுவர வேண்டும்; தாமதமாக வந்தால் உள்ளே அனுமதி இல்லை.’ சுட்டுப்பெயரை மாற்றுவதற்கு முன், அதை நீக்கிப் படித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் அங்கேயே தீர்ந்துவிடும்.

நீக்க முடியாத இடத்தில் ‘தன்’ உதவும். அதற்குப் பால் கிடையாது, எழுவாயையே சுட்டும். ‘ஒவ்வொரு ஊழியரும் அவருடைய கருத்தை அவருடைய மேலாளரிடம் சொல்லலாம்’ என்பதில் யாருடைய கருத்து என்று ஒரு நொடி தடுமாற வேண்டியிருக்கிறது. ‘ஒவ்வொரு ஊழியரும் தன் கருத்தை மேலாளரிடம் சொல்லலாம்’ என்றால் தெளிவு. ‘தம்’ என்று எழுதினாலும் சரி. ஒரே விடையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். எல்லோரையும் ‘அவர்’ ஆக்கிய வாக்கியத்தில் யார் எவர் என்று குழம்புவது தொடர்ந்து நடப்பது. ஆகவே, திருத்திய பிறகு ஒவ்வொரு ‘அவர்’ மேலும் விரலை வைத்து ‘இது யார்?’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும். விடை உடனே வராவிட்டால் அங்கே பெயரையே மறுபடி எழுதுங்கள்.

‘ர்’ ஈறு மரியாதையையும் கூடவே கொண்டுவரும். அதனால்தான் சில இடங்களில் அது உறுத்துகிறது. ‘திருடன் பூட்டை உடைத்து உள்ளே நுழைந்தான்’ என்பதை ‘திருடர் பூட்டை உடைத்து உள்ளே நுழைந்தார்’ என்று மாற்றினால் வாசிப்பவருக்குச் சிரிப்பு வரும். இங்கே ஆளை முன்னிறுத்தாமல் எழுதுவதுதான் இயல்பு: ‘பூட்டை உடைத்து உள்ளே நுழைந்திருக்கிறார்கள்.’ யார் என்று தெரியாதபோது பேச்சிலும் நாம் இப்படித்தான் சொல்கிறோம். ஒரே ஆள் என்பது உறுதியாகத் தெரிந்தால், ‘பூட்டு உடைக்கப்பட்டிருந்தது’ என்று நடந்ததை மட்டும் சொல்லலாம். ஆனால் பத்தி முழுக்கச் செயப்பாட்டு வினையாக அடுக்கினால் அது அலுவலகக் கடிதம் போல ஆகிவிடும். ஒன்றிரண்டு இடத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

குழந்தைகளைப் பற்றிய வாக்கியத்தில் வயதைப் பாருங்கள். ‘உங்கள் மகன் சாப்பிட அடம்பிடிக்கிறானா?’ என்பது மூன்று வயதுக் குழந்தையைப் பற்றியது என்றால், ‘உங்கள் குழந்தை சாப்பிட அடம்பிடிக்கிறதா?’ என்று அஃறிணை முடிவோடு எழுதுவது முழுக்க இயல்பு. பதினைந்து வயதுக்கு அது பொருந்தாது. அங்கே பன்மைக்குப் போகலாம்: ‘வளர்ந்த பிள்ளைகள் சாப்பிட அடம்பிடிக்கிறார்களா?’

பொதுவாகச் சொல்லும் ‘மனிதன்’ இன்னொரு பொறி. ‘மனிதன் நெருப்பைப் பயன்படுத்தக் கற்றான்’ என்பதை ‘மனிதர் கற்றார்’ என்று மாற்றினால், யாரோ ஒருவர் தனியாக உட்கார்ந்து கற்றது போல் ஆகிவிடும். பொதுமை போய்த் தனிநபர் வந்துவிட்டார். ‘மனிதர்கள் நெருப்பைப் பயன்படுத்தக் கற்றார்கள்’ என்று ‘கள்’ சேர்த்தால் சரியாகிவிடும்.

எல்லாவற்றையும் பொதுவாக்கிவிடுவதும் மதிப்பெண்ணைக் குறைக்கும். ‘தாய்மார்கள் குழந்தைகளுக்கு உரிய நாளில் தடுப்பூசி போட அழைத்துவர வேண்டும்’ என்பதில் ‘பெற்றோர்’ என்று மாற்றுவது சரி, ஏனென்றால் அழைத்துவருவது யாராலும் முடியும். ‘பாலூட்டும் தாய்மார்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த மாத்திரையைச் சாப்பிடக் கூடாது’ என்பதில் கைவைத்தால் எச்சரிக்கையே மழுங்கிவிடும். அங்கே பெண் என்பது முன்முடிவாக வரவில்லை, செய்தியின் பகுதியாகவே இருக்கிறது. எது எது என்று தெரியாவிட்டால் சொல்லைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ‘பெண் ஓட்டுநர் பேருந்தைப் பத்திரமாக நிறுத்தினார்’ என்ற வாக்கியத்தில் ‘ஆண் ஓட்டுநர்’ என்று போட்டால் ஏன் இப்படி எழுதியிருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றும்; ஆகவே ‘ஓட்டுநர்’ மட்டும் போதும். ‘இரவுப் பணியில் பெண் ஓட்டுநர்களுக்குத் தனி ஓய்வறை இல்லை’ என்பதில் அந்தச் சொல்லை எடுத்தால் குறை என்னவென்றே தெரியாமல் போய்விடும். அதைத் தொடாமல் விட வேண்டும்.