ஆறு பாட்டில் தண்ணீர், ஒரு மெயில்

பிப்ரவரி 14, 2025, வெள்ளி இரவு, ரயிலில்

சென்னையில் இரண்டு நாள் நிலத்தடி நீர் மாநாடு முடிந்தது. மொரப்பூரில் இறங்க இன்னும் நேரம் இருக்கிறது. கையில் சேர்ந்த பதினொரு விசிட்டிங் கார்டுகளையும் பெர்த்தில் பரப்பிவைத்து, ஒவ்வொன்றின் பின்பக்கமும் எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கே பார்த்தோம், எதைப் பற்றிப் பேசினோம், யார் யாருக்கு என்ன தருவதாகச் சொன்னோம், அவ்வளவுதான். இதை இன்றைக்கே செய்தாக வேண்டும். நாளைக்குத் தூங்கி எழுந்தால் ஒருவர் சொன்னது இன்னொருவர் முகத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

எழுதி முடித்ததும் எட்டு கார்டுகளை ரப்பர் பேண்ட் போட்டுத் தனியாக வைத்துவிட்டேன். அவர்களோடு நல்ல பேச்சுதான், ஆனால் அடுத்து செய்ய ஒன்றும் இல்லை. "சந்தித்ததில் மகிழ்ச்சி" என்று மட்டும் எழுதினால் அவர்களும் அதையே திருப்பி எழுத வேண்டியிருக்கும். மீதி மூன்றில் இரண்டு எளிது: ஒருவருக்கு ஒரு வரைபடம், இன்னொருவருக்கு ஒரு தொலைபேசி எண். மூன்றாவதுதான் முக்கியம்.

ஹைதராபாத்திலிருந்து வந்திருந்த பேராசிரியர். இன்று காலை தேநீர் இடைவேளையில் எங்கள் போஸ்டர் முன்னால் நின்றார். பென்னாகரம் பக்கம் கிராமங்களில் ஃப்ளோரைடு அதிகமுள்ள போர் தண்ணீரை வீட்டிலேயே சுத்தம் செய்ய நல்கொண்டா முறையைச் சொல்லித்தருகிறோம். வாளித் தண்ணீரில் படிகாரம், சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர் கலந்து, கலக்கி, தெளியவிட்டு வடிப்பது. பிறகு சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கிற கிட்டில் அளவெடுப்போம். அவர் போஸ்டரில் இருந்த அளவுகளைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "சுத்தம் செய்த பிறகும் இதே கிட்டில்தான் பார்க்கிறீர்களா?" ஆமாம் என்றேன். படிகாரத்திலிருந்து அலுமினியம் கொஞ்சம் தண்ணீரில் மிஞ்சினால் அது ஃப்ளோரைடைப் பிடித்துவைத்துக்கொள்ளும், கிட் குறைத்துக் காட்டும் என்றார். ஆய்வகத்தில் அளக்கும் எலக்ட்ரோடு முறையில் முதலில் ஒரு கரைசலைச் சேர்த்து அந்தப் பிடியை விடுவித்துவிட்டுத்தான் அளப்பார்களாம்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. நாங்கள் "ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே வந்துவிட்டது, குடிக்கலாம்" என்று சொன்ன வீடுகள் இருக்கின்றன.

பேச்சு நான்கு நிமிடம் இருக்கும். யாரோ கூப்பிட்டார்கள். கார்டைக் கொடுத்து "மெயில் போடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். கார்டில் செல் நம்பரும் இருக்கிறது. ஆனால் அவர் சொன்னது மெயில். அதனால் மெயில்தான்.

பிப்ரவரி 15, சனி

எதுவும் அனுப்பவில்லை. அவர் இன்று ஊர் திரும்புவார். மாநாட்டுக்குப் போன நாட்களின் மெயில் எல்லாம் குவிந்திருக்கும். இன்று போட்டால் திங்கட்கிழமை அந்தக் குவியலின் அடியில் கிடக்கும். வரைபடமும் தொலைபேசி எண்ணும் மட்டும் அனுப்பினேன், இரண்டு வரிகளோடு.

பிப்ரவரி 16, ஞாயிறு

மூன்று வீடுகளுக்குப் போனேன். ஒவ்வொரு வீட்டிலும் போர் தண்ணீர் ஒரு பாட்டில், சுத்தம் செய்த தண்ணீர் ஒரு பாட்டில். மொத்தம் ஆறு. பிளாஸ்டிக் பாட்டில்தான், ஃப்ளோரைடு மாதிரிக்குக் கண்ணாடி ஆகாது. அந்தத் தண்ணீராலேயே மூன்று முறை அலசிவிட்டு நிரப்பினேன். பாதுகாக்க எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. 28 நாள் வரை வைத்திருக்கலாம். கிட் அளவு, லிட்டருக்கு மில்லிகிராமில்: 3.0 இருந்தது 0.8 ஆகியிருக்கிறது, 2.5 இருந்தது 1.0, 4.0 இருந்தது 1.2.

மெயிலில் சொல்ல இப்போது ஒரு விஷயம் கையில் இருக்கிறது. அவர் கேட்ட கேள்விக்காக நான் ஒரு நாள் வேலை செய்திருக்கிறேன். "உங்களோடு பேசியது பயனுள்ளதாக இருந்தது" என்று எழுதுவதைவிட இந்த மூன்று ஜோடி எண்கள் போதும்.

பிப்ரவரி 17, திங்கள்

காலையில் எழுதிய முதல் வரைவு ஒன்றரைப் பக்கம். எங்கள் அமைப்பு எப்போது தொடங்கியது, எத்தனை கிராமம், என்ன சிரமம், அவருடைய ஆய்வுகள் எவ்வளவு உயர்ந்தவை. அப்புறம் மூன்று வேண்டுகோள்: மாதிரிகளைப் பார்த்துத் தர முடியுமா, எங்கள் ஆட்களுக்குப் பயிற்சி தர முடியுமா, அடுத்த நிதி விண்ணப்பத்தில் ஆலோசகராக இருக்க முடியுமா. கூடவே ஆண்டறிக்கை.

கணக்கு பார்க்கும் அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். முழுவதும் படித்துவிட்டு, "இதுல அவங்க எதுக்குப் பதில் போடணும்?" என்று கேட்டார். எனக்கே சொல்லத் தெரியவில்லை.

உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். பயிற்சியும் ஆலோசகரும் முதலில் போயின. நான்கு நிமிடம் பேசியவரிடம் கேட்கிற அளவு அது இல்லை, பிறகு பழக்கம் வளர்ந்தால் பார்க்கலாம். ஆண்டறிக்கையும் போனது, அவர் அதைக் கேட்கவே இல்லை. "என்னை நினைவிருக்கும் என்று நம்புகிறேன்" என்ற வரி இருந்தது. அதைப் படிக்கிறவர் முதலில் யோசிக்க வேண்டும், நினைவு வரவில்லை என்றால் சங்கடப்பட வேண்டும். அந்த வேலையை நானே செய்துவிட்டேன்: எந்த நாள், எந்த இடம், அவர் சொன்ன விஷயம் எது. "தொந்தரவுக்கு மன்னிக்கவும்" இரண்டு இடத்தில் இருந்தது, இரண்டும் போனது. தொந்தரவு என்று நானே நினைத்தால் ஏன் அனுப்ப வேண்டும்? மெயிலைச் சின்னதாக்குவதுதான் அவர் நேரத்துக்கு நான் தரும் மரியாதை. "அவசரம்" என்ற சொல்லும் போனது. அவசரம் எனக்குத்தானே.

28 நாள் கணக்கை எழுதலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். முதல் மெயிலிலேயே கெடு தேதி போட்டால் உத்தரவு போலாகிவிடும். இப்போதைக்கு வேண்டாம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

காலை பத்து மணிக்கு அனுப்பினேன். எழுதியது ஆங்கிலத்தில், இங்கே தமிழில்.

பொருள்: படிகாரம் போட்ட தண்ணீரில் ஃப்ளோரைடு, கிட் அளவுகள் (பென்னாகரம்)

"வணக்கம் பேராசிரியர் அவர்களே. வெள்ளிக்கிழமை தேநீர் இடைவேளையில் வாளி முறை போஸ்டர் முன்னால் பேசினோம். மிஞ்சும் அலுமினியத்தால் கிட் குறைத்துக் காட்டலாம் என்று சொன்னீர்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று வீடுகளில் சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் மாதிரி எடுத்தேன். கிட் அளவுகள் கீழே உள்ளன. இந்த ஆறு மாதிரிகளையும் உங்கள் ஆய்வகத்தில் எலக்ட்ரோடு முறையில் பார்க்க வாய்ப்பு உண்டா? இயலாவிட்டால், இதைச் செய்யும் வேறு ஆய்வகம் ஒன்றைச் சொன்னாலும் பேருதவி."

கீழே மூன்று ஜோடி எண்கள். பெயர், ஊர், கைப்பேசி எண். இணைப்பு எதுவும் இல்லை.

கடைசி வாக்கியத்தை யோசித்துத்தான் வைத்தேன். மறுப்பதற்கு ஒரு வழி இருந்தால் அவருக்குப் பதில் எழுதுவது எளிது. "இங்கே முடியாது, அங்கே கேளுங்கள்" என்று ஒரு வரி போட்டால் எனக்கும் வேலை நடக்கும், அவருக்கும் மனக்கஷ்டம் இல்லை.

பிப்ரவரி 20, வியாழன்

பதில் இல்லை. கைப்பேசியை நாலைந்து முறை பார்த்துவிட்டேன். "மெயில் கிடைத்ததா?" என்று அந்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டால் என்ன என்று விரல் துடிக்கிறது.

போடமாட்டேன். முன்பு ஒரு கூட்டத்தில் சந்தித்த ஓர் அதிகாரிக்கு நான்கு நாளில் மூன்று முறை எழுதினேன். மெயில், பிறகு வாட்ஸ்அப், பிறகு நீல டிக் விழுந்ததைப் பார்த்து இன்னொரு வாட்ஸ்அப். மூன்றிலும் இருந்தது ஒரே செய்தி, "என்ன ஆச்சு?" அடுத்த கூட்டத்தில் என்னைப் பார்த்ததும் அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் உதவ நினைத்திருக்கவும் கூடும். நான்தான் அவருக்கு இடம் விடவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

இல்லை. முதல் வீட்டில் மறுபடியும் தண்ணீர் எடுத்துக் கிட்டில் பார்த்தேன். 0.8, அதேதான். கிட் ஒரே மாதிரி காட்டுகிறது. ஆனால் ஒரே மாதிரி காட்டுவதும் சரியாகக் காட்டுவதும் வேறு வேறு.

பிப்ரவரி 26, புதன்

இன்று எழுதலாம் என்றிருந்தேன். மகா சிவராத்திரி, ஹைதராபாத்தில் விடுமுறை. நாளை.

பிப்ரவரி 27, வியாழன்

அதே மெயிலுக்குக் கீழேயே எழுதினேன், பழையதைத் தேட வேண்டியிருக்காது. மூன்று வரி: "முதல் வீட்டில் மறுபடி அளந்தேன், கிட் மீண்டும் 0.8 காட்டுகிறது. பிப்ரவரி 16-இல் எடுத்த மாதிரிகள் மார்ச் 16 வரை தாங்கும். உங்களுக்கு வசதிப்படாவிட்டால் அதற்குள் வேறு ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பார்த்துவிட்டு, முடிவை உங்களுக்கும் அனுப்புகிறேன்."

முந்தைய மெயிலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. புதிதாகச் சொல்ல இரண்டு விஷயம் இருந்தது, அதனால்தான் எழுதினேன். கெடு தேதியும் இப்போது தண்ணீரின் கெடுவாகத்தான் நிற்கிறது. இதற்கும் பதில் வராவிட்டால் மூன்றாவது எழுதமாட்டேன். சேலத்தில் கட்டணம் விசாரிக்க அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

மதியம் பதில் வந்தது. முதல் மெயிலை அன்றைக்கே பார்த்தாராம். எலக்ட்ரோடு எப்போது காலியாகும் என்று ஆய்வு மாணவியிடம் கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்று வைத்திருந்தாராம். மார்ச் முதல் வாரம் முடியும். ஆறு மாதிரி மட்டும், அதற்கு மேல் இப்போது வேண்டாம். ஒவ்வொன்றின் பி.எச். அளவும் எழுதி அனுப்பச் சொல்கிறார். மாணவியின் மெயில் முகவரியும் இருந்தது.

"நன்றி, திங்கட்கிழமை கிளம்பும், ஆறு மட்டும்" என்று உடனே பதில் போட்டேன். பயிற்சியைப் பற்றி இப்போதும் கேட்கவில்லை.

மார்ச் 1, சனி

ஆறு பாட்டிலுக்கும் பி.எச். பார்த்தாயிற்று. மூடிகளைச் சுற்றி டேப் ஒட்டி, தனித்தனி கவரில் போட்டேன். கூரியரில் திரவம் என்றால் கேள்வி கேட்பார்கள், அதனால் "குடிநீர் மாதிரி" என்று ஆய்வக முகவரியோடு ஒரு கடிதமும் மேலே வைத்திருக்கிறேன். 0.8 காட்டிய வீட்டு அம்மாவிடம், முடிவு வரும் வரை பள்ளிக்கூடத்துக் குழாயிலேயே குடிநீர் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தேன்.