சிவப்பு ஆச்சரியக்குறி யார் கண்ணில் படுகிறது?

அவுட்லுக்கில் ஒரு மெயிலை எழுதி, மேலே இருக்கும் ஹை இம்பார்டன்ஸ் என்ற சிவப்பு ஆச்சரியக்குறியை அழுத்திவிட்டு அனுப்புகிறோம். அனுப்பிய மெயில்கள் இருக்கும் பெட்டியைத் திறந்து பார்த்தால் அங்கேயும் அந்தக் குறி சிவப்பாகத் தெரிகிறது. வாங்குகிறவரும் இதையேதான் பார்ப்பார் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. வெளி நிறுவனங்களோடு மெயிலில் பேசியே வேலை நடக்கிற குழுக்களில் நான் இருந்திருக்கிறேன். அங்கே பார்த்த பல தகராறுகளுக்கு இந்த ஒரு நம்பிக்கைதான் வேர்.

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். வாடிக்கையாளர்கள் தங்கள் கோப்புகளை அனுப்புகிற சர்வரின் முகவரி மாற இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குப் பழைய முகவரி நின்றுவிடும். அதற்குள் அவர்கள் தங்கள் பக்கத்தில் புது முகவரியைப் போட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் குழுவில் ஒருவர் அந்த வாரத் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் ஹை இம்பார்டன்ஸ் போட்டு மெயில் அனுப்பிவிட்டார். சப்ஜெக்டில் "சர்வர் மாற்றம் தொடர்பாக" என்று இருந்தது. எந்த நாள், எந்த நேரம் என்பது மெயிலுக்குள்ளே மூன்றாவது பத்தியில் இருந்தது. சனிக்கிழமை காலை ஒரு வாடிக்கையாளரிடமிருந்து கோப்பே வரவில்லை. போனில் அழைத்தோம். அவர்கள் பக்கத்தில் இந்த வேலையைப் பார்த்தவர் மெயிலைத் தேடி எடுத்துவிட்டு, "மெயில் வந்திருக்கு சார், ஆனா அவசரம்னு எங்கேயும் போடலையே" என்றார். எங்கள் நண்பருக்குக் கோபம். "சிவப்புக் குறி போட்டுத்தானே அனுப்பினேன், பார்க்கலைன்னு சொன்னா எப்படி?" என்று எங்களிடம் கேட்டார்.

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. வாடிக்கையாளர் பக்கத்து ஆட்கள் ஜிமெயிலில் அந்த மெயிலைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் `Show original` என்பதை அழுத்தி, அதில் வந்த ஹெடர் வரிகளை, அதாவது திரையில் தெரியாமல் மெயிலோடு போகிற தகவல் வரிகளை, எங்களுக்கு அனுப்பினார்கள். பெரிய பட்டியலுக்கு நடுவே இந்த இரண்டு வரிகள் இருந்தன:

```
Importance: high
X-Priority: 1
```

குறி போய்ச் சேர்ந்திருக்கிறது, திரையில்தான் அது வரவில்லை. ஹை இம்பார்டன்ஸ் என்பது மெயிலோடு ஒட்டிப் போகிற இந்த வரிகள் மட்டும்தான். சிவப்பு நிறமோ ஆச்சரியக்குறியோ மெயிலுக்குள் இல்லை. அவற்றை வரைவது, வாங்குகிறவர் வைத்திருக்கும் மெயில் புரோகிராம். அது அந்த வரியைப் படித்துக் குறி போடலாம், போடாமலும் விடலாம். எது செய்தாலும் அனுப்பியவருக்குத் தகவல் வராது.

இதில் கட்டாயம் ஏன் இல்லை என்றால், மெயிலின் அடிப்படை வடிவத்தைச் சொல்லும் RFC 5322 என்ற ஆவணத்தில் இப்படி ஒரு வரியே கிடையாது. `Importance` என்பது X.400 என்ற வேறொரு அஞ்சல் முறையிலிருந்து வந்தது. அந்த முறைக்கும் இணைய மெயிலுக்கும் இடையே பாலம் போடுவதற்காக 1998-ல் வெளியான RFC 2156-ல் அது `low`, `normal`, `high` என்ற மூன்று மதிப்புகளோடு இருக்கிறது. `X-Priority` என்பது எந்தத் தரத்திலும் சேராமல், மெயில் புரோகிராம்கள் தாங்களாகவே பழக்கத்தில் கொண்டுவந்தது. எல்லா புரோகிராமும் எல்லா வரியையும் பார்ப்பதில்லை என்பதால் அனுப்பும் பக்கம் இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுகிறது. இந்த வரிகளால் மெயில் சீக்கிரம் போய்ச் சேரும் என்று நினைப்பவர்களும் உண்டு. வழக்கமான இணைய மெயிலில் அப்படி எதுவும் நடப்பதில்லை. மற்ற மெயில்கள் போகிற அதே வரிசையில்தான் இதுவும் போகும்.

சரி, எந்தத் திரையில் என்ன தெரிகிறது? அவுட்லுக்கிலிருந்து அவுட்லுக்குக்குப் போனால் நாம் எதிர்பார்ப்பது அப்படியே நடக்கும். பட்டியலில் சிவப்பு ஆச்சரியக்குறி வரும். மெயிலைத் திறந்தால், இது ஹை இம்பார்டன்ஸோடு அனுப்பப்பட்டது என்று மேலே ஒரு வரியும் இருக்கும். ஒரே அலுவலகத்துக்குள் எல்லோரும் அவுட்லுக் வைத்திருந்தால் யாருக்கும் சந்தேகமே வராததற்குக் காரணம் இதுதான். தண்டர்பேர்ட் என்ற மெயில் புரோகிராமில் நிலைமை வேறு. மெயில் பட்டியலில் முன்னுரிமைக்கென்று தனி நெடுவரிசை ஒன்று இருக்கிறது, ஆனால் அது முதலில் மறைந்தே இருக்கும். பயன்படுத்துகிறவர் நெடுவரிசைகளைத் தேர்ந்தெடுக்கும் இடத்துக்குப் போய் அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்துவைத்திருக்கும் ஆட்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஜிமெயிலின் வலைப் பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் குழப்பம் அங்கே இரண்டு பக்கமும் இருக்கிறது. அனுப்பியவர் போட்ட குறியை அது பட்டியலில் காட்டுவதில்லை. அதே நேரத்தில் சில மெயில்களுக்குப் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஓர் அம்புக்குறி போன்ற அடையாளம் வரும். அதை அனுப்பியவர் போட்டதாக எண்ணுகிறவர்கள் நிறைய. உண்மையில் அது ஜிமெயில் தானே கணித்துப் போடுவது. நீங்கள் யாருக்கு அடிக்கடி எழுதுகிறீர்கள், யாருடைய மெயிலைத் திறக்கிறீர்கள், எதற்குப் பதில் போடுகிறீர்கள் என்பதையெல்லாம் வைத்து முடிவு செய்கிறது. அடையாளத்தின் மேல் மவுஸைக் கொண்டுபோனால் ஏன் போட்டது என்று ஒரு வரியில் காரணமும் சொல்லும். ஆக, நாங்கள் குறி போட்டு அனுப்பிய சர்வர் மெயில் வெறுமையாக வந்து நிற்கும்; பக்கத்து இருக்கைக்காரர் குறி எதுவும் போடாமல் அனுப்பிய விடுப்புத் தகவல் மஞ்சள் அடையாளத்தோடு மேலே நிற்கும். எப்போதாவது எழுதுகிற எங்களைப் போன்ற வெளியாள் அந்தக் கணக்கில் பின்னால் போவது இயல்பு. ஆனால் அபூர்வமாக எழுதுகிறவரின் மெயில்தான் பல சமயம் உடனே படிக்க வேண்டியதாக இருக்கிறது.

கையால் ஃபார்வர்ட் செய்யும்போதும் இதைக் கவனிக்க வேண்டும். அப்படி அனுப்புவது புது மெயில், அதற்குப் புது ஹெடர். எங்கள் வாடிக்கையாளரின் மேலாளர் ஒருவேளை அவுட்லுக்கில் சிவப்புக் குறியைப் பார்த்திருந்தாலும், அதை ஜிமெயிலிலிருந்து தன் ஆளுக்குத் தட்டிவிட்டிருந்தால் குறி அங்கேயே நின்றிருக்கும். எழுதிய வாசகமும் சப்ஜெக்டும் மட்டும் கூடப் போகும்.

ஸ்கிரிப்ட் வழியாக எச்சரிக்கை மெயில் அனுப்புகிற இடங்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, அது எண்ணில் வருவது. `X-Priority`-ல் 1 என்பதுதான் மிக உயர்ந்தது, 3 சாதாரணம், 5 மிகத் தாழ்ந்தது. அவுட்லுக் உள்ளே வைத்திருக்கும் மதிப்போ நேர்மாறானது: 0 தாழ்வு, 1 சாதாரணம், 2 உயர்வு. வேறொரு குழு எழுதிக் கொடுத்த ஸ்கிரிப்டில், பெரிய எண் பெரிய முக்கியத்துவம் என்ற எண்ணத்தில் 5 போட்டிருந்தார்கள். வட்டு நிரம்பப் போகிறது என்ற எச்சரிக்கைகள் எல்லாம் அவுட்லுக்கில் கீழ்நோக்கிய நீல அம்போடு வந்து விழுந்தன. அதாவது, மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்ற குறியோடு. நீல அம்பு ஏன் என்று யாரோ ஒருவர் கேட்ட பிறகுதான் ஹெடரைத் திறந்து பார்த்தோம். பைத்தானில் சரியான வடிவம் இது:

```python
msg["Importance"] = "high"
msg["X-Priority"] = "1"
```

இதோடு `X-MSMail-Priority` என்ற மூன்றாவது வரியையும் எங்கிருந்தாவது நகலெடுத்துச் சேர்ப்பவர்கள் உண்டு. அது வேண்டாம் என்பதே என் கருத்து. அந்த வரி இருந்து, அதோடு வர வேண்டிய `X-MimeOLE` என்ற வரி இல்லாவிட்டால், போலி மெயிலோ என்று சந்தேகிக்கிற விதி ஸ்பாம்அசாசின் என்ற வடிகட்டியில் இருந்திருக்கிறது. கவனத்துக்காகப் போட்ட குறியே மெயிலை ஸ்பாம் பெட்டிப் பக்கம் தள்ளினால் யாருக்கு லாபம்?

அந்தச் சனிக்கிழமைக்கு அப்புறம் குழுவில் உட்கார்ந்து பேசினோம். குறியைக் கைவிட வேண்டியதில்லை, அவுட்லுக் வைத்திருப்பவர்களுக்கு அது பயன்படுகிறது. குறி வந்த மெயிலைத் தனிப் பெட்டிக்கு நகர்த்தும் விதிகூட அவர்களால் வைத்துக்கொள்ள முடியும். ஆனால் குறி இல்லாமலேயே மெயில் தன் வேலையைச் செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தோம். எல்லா புரோகிராமும் பட்டியலில் தவறாமல் காட்டுபவை அனுப்பியவர் பெயரும் சப்ஜெக்டும். போனில் சப்ஜெக்டின் முதல் சில சொற்கள்தான் தெரியும் என்பதால் நேரத்தை முன்னால் கொண்டுவந்தோம். அடுத்த மாற்றத்துக்கான மெயில் இப்படிப் போனது: "வெள்ளி மாலை 6-க்குள் மாற்றவும்: கோப்பு சர்வரின் புது முகவரி". மெயிலின் முதல் வரியிலேயே, மாற்றி முடித்ததும் "முடிந்தது" என்று ஒரு சொல்லில் பதில் போடுங்கள் என்று கேட்டோம். வியாழன் மாலை வரை யாரிடமிருந்து பதில் வரவில்லையோ அவர்களுக்குப் போன். மெயில் படிக்கப்பட்டதா என்பதற்கு அந்தப் பதில் மட்டும்தான் எங்களிடம் இருந்த ஆதாரம்.

கோப்பு வராமல் போன வாடிக்கையாளரும் தன் பக்கத்தில் ஒரு வேலை செய்தார். ஜிமெயிலில் எங்கள் முகவரிக்கு ஒரு ஃபில்டர் போட்டு, எப்போதும் முக்கியம் என்று குறிக்கும் `Always mark it as important` என்ற தேர்வை அதில் வைத்தார். அப்படிச் செய்தால் மஞ்சள் அடையாளம் கணிப்பை நம்பியிருக்காது. போனில் முக்கியமான மெயில்களுக்கு மட்டும் ஒலி வரும்படி வைத்திருந்தாலும் எங்களுடையது ஒலிக்கும். இதில் ஒரு குறை உண்டு: அந்த முகவரியிலிருந்து போகிற எல்லா மெயிலும், மாதாந்திர அறிக்கை உட்பட, முக்கியம் என்றே விழும். அதனால் சர்வர் மாற்றங்களை அறிவிக்க மட்டும் தனியாக ஒரு முகவரி திறந்தோம். அதிலிருந்து வேறு எதுவும் அனுப்புவதில்லை.