ஏழாம் கட்டில் அம்மாவின் கடிதம்

2024 மார்ச் 4, திங்கள்

காலை ரவுண்டில் டொக்டர் சொல்லிவிட்டார், ஏழாம் கட்டில் அம்மாவை அடுத்த வாரம் கண்டிப் பக்கம் உள்ள மறுவாழ்வு நிலையத்துக்கு அனுப்பலாம், இடம் கிடைத்திருக்கிறது என்று. மருந்து விஷயத்தை அவர் எழுதுவார், மற்றது என் வேலை. பிசியோதெரபி, சாப்பாடு, சாமான், வீட்டு நிலைமை எல்லாம் ஒரே கடிதத்தில் போகவேண்டும்.

அம்மாவுக்கு 58 வயது. முப்பது வருசத்துக்கு மேல் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். பெப்ரவரி 20 காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போக எழும்பியவர் லயன் வீட்டு வாசலிலேயே சாய்ந்துவிட்டார். மூளையின் வலது பக்கத்தில் இரத்த அடைப்பு, இடது கையும் காலும் விழுந்துவிட்டது. இப்போது இடது காலைக் கட்டிலிலிருந்து தூக்குவார், கணுக்கால் தொங்குகிறது, கை இன்னும் வரவில்லை.

கடிதம் என்றாலே எனக்குப் பழைய ஒன்று நினைவு வரும். வேலைக்கு வந்த புதிதில் ஒரு ஐயாவுக்கு மூன்றே வரியில் எழுதிக் கொடுத்தேன்: இடது பக்கவாதம், ஒருவர் உதவியுடன் எழும்புவார், மேற்கொண்டு பயிற்சி தேவை. இரண்டு மாதம் கழித்து கிளினிக்குக்கு வந்தவரின் இடது தோள் தொட்டாலே அலறும் நிலை. அங்கே அந்த ‘ஒருவர் உதவி’யைக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவது என்று எடுத்திருக்கிறார்கள். அவர்கள் மேல் என்ன குற்றம்? எப்படி உதவுவது என்று நான் எழுதவே இல்லை.

மார்ச் 5, செவ்வாய்

இன்று பழைய குறிப்புகளைப் புரட்டினேன். முதல் வாரம் ஒரு இரவு டியூட்டியில் ‘குழம்பியிருக்கிறார், சொல்வதைச் செய்வதில்லை’ என்று எழுதியிருக்கிறது. அடுத்த நாள் அதையே பார்த்து இன்னொருவர், அதைப் பார்த்து மற்றொருவர். இப்படியே கடிதத்திலும் ஏறிவிட்டால் அங்கே ‘பயிற்சிக்கு ஒத்துழைக்காதவர்’ என்ற பெயரோடுதான் போய் இறங்குவார்.

விஷயம் இரண்டு. ஒன்று, அம்மாவுக்குச் சந்தைச் சிங்களம்தான் தெரியும். ‘கையை உயர்த்துங்க, கண்ணை மூடுங்க’ என்று சிங்களத்தில் அவசரமாகச் சொன்னால் பேசாமல் பார்ப்பார். தமிழில் சொன்னால் மூன்று வேலையை அடுத்தடுத்துச் சொன்னாலும் வரிசையாகச் செய்கிறார், பேத்தி பெயர், சம்பள நாள் எல்லாம் சரியாகச் சொல்கிறார். பேச்சு போகவில்லை, அறிவும் தெளிவு.

மற்றது கொஞ்சம் நுணுக்கம். இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே அவர் மூளை கவனிப்பதில்லை. கண் பார்வை குறையவில்லை, கவனம்தான் அந்தப் பக்கம் போவதில்லை. மத்தியானச் சாப்பாட்டில் தட்டின் வலது பாதியைச் சுத்தமாக வழித்துவிட்டு ‘முடிஞ்சது மகள், கறி கொஞ்சம்தான் வச்சிருக்காங்க’ என்றார். தட்டை அப்படியே அரைவட்டம் திருப்பி வைத்தேன். ‘அட, இங்க இருக்கே!’ என்று மிச்சத்தையும் சாப்பிட்டார். ஒரு தாளில் நீளக் கோடு போட்டு நடுவில் புள்ளி வைக்கச் சொன்னால் புள்ளி வலப்பக்கம் தள்ளி விழுகிறது. இடது பக்கம் நின்று கூப்பிட்ட மிஸ்ஸிக்குப் பதில் சொல்லாததும் இதனால்தான்.

ஆகவே கடிதத்தில் இப்படி எழுதினேன்: ‘தமிழ் மட்டும். தமிழில் சொன்னால் முழுதாகப் புரிகிறது. இடது பக்கப் புறக்கணிப்பு உண்டு. அழைப்பு மணியும் தண்ணீரும் வலது பக்கம் இருக்கட்டும், பேசுவதும் பயிற்சி கொடுப்பதும் இடது பக்கமிருந்து, தலையைத் திருப்பவைத்து.’ மணியையும் இடது பக்கம் வைத்தால் பயிற்சிதானே என்று சிலர் நினைப்பார்கள். இரவில் அவசரத்துக்கு மணி இருப்பதே தெரியாமல் தானாக எழும்பப் பார்த்து விழுவார்கள், அதுதான் நடக்கும்.

மார்ச் 7, வியாழன்

சாப்பாட்டுப் பகுதி. மூக்குக் குழாய் எடுத்து எட்டு நாள். கட்டியான கஞ்சி, நன்றாக மசித்த சோறும் பருப்பும் போகிறது. தண்ணீரும் பிளேன் டீயும்தான் ஆபத்து, நீர்த்தது வேகமாக ஓடுவதால் தொண்டை மூடுவதற்குள் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். இருமினால் தெரிந்துவிடும், இருமாமலும் இறங்கும். குடித்த பிறகு ‘ஆ’ சொல்லவைத்துக் குரலைக் கேட்பேன், தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஈரமாக இருந்தால் நிறுத்திவிடுவேன்.

மருமகள் இன்று தெர்மோசில் சோளமாவு போட்டுக் கட்டியாக்கிய தேத்தண்ணி கொண்டுவந்தார், நான் சொன்னபடிதான். ஆனால் வாயில் வைத்த கரண்டியையே திரும்பத் திரும்பக் கோப்பையில் விட்டதில் கால்மணி நேரத்தில் நீர்த்துப்போனது. எச்சில் மாவைக் கரைத்துவிடும். ஒரு வேளைக்கு வேண்டியதைத் தனிக் கோப்பையில் ஊற்றிக் கொடுக்கவேண்டும், மிச்சத்தில் அந்தக் கரண்டி படக்கூடாது. இதையும் சேர்த்தேன். நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடவேண்டும், பிறகு அரைமணி நேரம் படுக்கக்கூடாது, சாப்பிட்டபின் இடது கன்னத்துக்குள் பார்க்கவேண்டும், சோறு அங்கே தங்கினாலும் அவருக்குத் தெரியாது.

மார்ச் 8, வெள்ளி

சிவராத்திரி லீவு. ஆனாலும் மருமகள் வாட்ஸ்அப்பில் அவர்கள் இருக்கும் லயன் காம்பராவின் படங்கள் அனுப்பினார். அளவெடுக்கச் சொல்லியிருந்தேன். வாசலில் இரண்டு படி, ஒவ்வொன்றும் ஏழு அங்குலம், பிடிக்கக் கம்பி இல்லை. கக்கூஸ் லயன் கோடியில், அவர் எண்ணிப் பார்த்ததில் 34 அடி வைத்து நடக்கவேண்டும், கொஞ்சம் இறக்கம், மழைக்குப் பாசி. உள்ளே குந்தும் பீங்கான்.

இதைப் பார்க்காமல் சாமான் எழுதினால் நான் சக்கர நாற்காலி என்றுதான் எழுதியிருப்பேன். அந்தப் பாதையில் அது ஒரு சுற்று கூட உருளாது, கடைசியில் விறகு வைக்கத்தான் உதவும். நிலையத்துக்குள் பயன்படுத்தச் சக்கர நாற்காலி வேண்டும், இடது கை தொங்காமல் தாங்கும் பலகையோடு. வீட்டுக்கு என்று எழுதியது வேறு: நாலு கால் ஊன்றுகோல், இடது பாதம் தொங்காமல் பிடிக்கும் பிளாஸ்டிக் தாங்கி, கட்டிலருகே வைக்கக் கைப்பிடியுள்ள கொமோட் நாற்காலி, வாசலில் ஒரு கம்பி. அந்தக் கம்பி ஏறும்போது வலது பக்கம் இருக்கவேண்டும் என்றும் எழுதினேன். இறங்கும்போது அதே கம்பி இடது பக்கம் வந்துவிடும், அந்தக் கை பிடிக்காது. அதனால் பின்பக்கமாக இறங்கப் பழக்கச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 11, திங்கள்

அம்மாவிடமே கேட்டேன், அங்கே போய் என்ன செய்ய ஆசை என்று. மலைக்கு மறுபடி போகவேண்டும் என்பார் என்று நினைத்திருந்தேன். ‘மருமகள கூப்பிடாம வெளிக்கிருந்துட்டு வரணும் மகள். அந்தப் புள்ள வேலைக்குப் போயிரும், பகல்ல யாரு இருக்கா?’ என்றார். மருமகள் காலை ஏழுக்குப் போனால் நாலரைக்குத்தான் வருவார். ஆக நோக்கம் ‘தானாக நடத்தல்’ என்று பொதுவாக இல்லை. இப்படி எழுதினேன்: ‘இரண்டு வாரத்தில் ஒருவர் தொட்டுப் பிடிக்க, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவார். ஆறு வாரத்தில் கட்டிலருகே கொமோட்டுக்கு யாருமில்லாமல் போய்வருவார், உடையைத் தானே சரிசெய்வார். படி இறங்குவது அதற்குப் பிறகு.’ வெளிக் கக்கூஸ் ஆறு வாரத்தில் நடக்காது, அதை அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். முகம் வாடியது. ஆனால் கொமோட் நாற்காலியைக் காட்டியதும் ‘இது ராணி நாற்காலி மாதிரில்ல இருக்கு’ என்றார்.

மாற்றும் முறைக்கு இந்த முறை ஆறு வரி. நாற்காலி அவரது வலது பக்கம், கட்டிலோடு ஒட்டி. உதவுபவர் முன்னால் நின்று தன் முழங்காலால் அவரது இடது முழங்கால் மடங்காமல் தாங்கவேண்டும். பிடி இடுப்புப் பட்டியில், அக்குளிலோ கையிலோ அல்ல. இடது தோள் மூட்டு ஒரு விரல் அளவு இறங்கியிருக்கிறது, உட்காரும்போது தலையணை மேல் கை, கையைத் தாங்கும் தூளி அவர் எழுந்து நிற்கும் நேரத்துக்கு மட்டும். நாள் முழுக்கத் தூளியில் கட்டிவைத்தால் கை மடங்கியே இறுகிவிடும்.

அன்றாட வேலைகளை எவ்வளவு தானாகச் செய்கிறார் என்று காட்டும் பார்தெல் அளவு 35 என்று போட்டேன், நூற்றுக்கு. அந்த எண் மட்டும் போனால் ஒன்றும் புரியாது, அதில் 15 மலம் சிறுநீர் கட்டுப்பாட்டில் வந்தது. கதீட்டர் எடுத்தாயிற்று, இரண்டு மணிக்கொரு தடவை கேட்டால் நனைக்கமாட்டார், கேட்காவிட்டால் சில தடவை நனைப்பார். இதைத் தெரியாமல் அங்கே பேம்பர்ஸ் போட்டுவிட்டால் இந்தப் புள்ளிகள்தான் முதலில் போகும்.

மார்ச் 12, செவ்வாய்

அம்புலன்ஸ் ஒன்பதுக்குக் கிளம்பியது. நாவலப்பிட்டி வரை வளைவுகள்தான், வாந்தி எடுத்தால் நெஞ்சுக்குள் போகும் என்று காலைக் கஞ்சியை ஆறரைக்கே கொடுக்கச் சொல்லியிருந்தேன். காலை மாத்திரைகள் கொடுத்த நேரத்தைக் கடிதத்தின் மேலேயே பேனையால் எழுதினேன், அங்கே இறங்கியதும் பிரஷர் மாத்திரையை இன்னொரு தடவை கொடுத்துவிடாமல். பின்பக்க எலும்பு மேல் காசளவு சிவப்பு இருக்கிறது, அழுத்தினாலும் வெளுக்கவில்லை, படுக்கைப்புண்ணின் தொடக்கம். இன்றைய தேதியோடு அதையும் எழுதினேன், இங்கிருந்தே வந்தது என்று அவர்களுக்குத் தெரியட்டும். மருமகளிடம் தமிழில் ஒரு பக்கப் பிரதி.

மார்ச் 16, சனி

அங்கிருந்து பிசியோ மிஸ் போன் பண்ணினார். கடிதத்தைக் கட்டில் தலைமாட்டில் ஒட்டியிருக்கிறார்களாம், தோளை யாரும் இழுக்கவில்லை. சந்தோசம். பிறகு சொன்னார், நேற்று மாலை அம்மா திடீரென்று இருமி முகம் கறுத்துவிட்டது, இடது கன்னத்துக்குள் பார்த்தால் பாதி மென்ற வெற்றிலை! ஊரிலிருந்து பார்க்க வந்த யாரோ ஆசையாகக் கொடுத்திருக்கிறார்கள். துப்பியதாக அம்மா நினைத்தது வலது பக்கத்தில் இருந்ததை மட்டும். இன்று நன்றாக இருக்கிறார், நெஞ்சுப் படமும் தெளிவு.

மசித்த சோறு, கட்டித் தேத்தண்ணி, கரண்டி வரைக்கும் எழுதிய நான் வெற்றிலையை எழுதவில்லை. மூன்று வாரமாக அந்தக் காவிப் பல்லைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கடிதப் படிவத்தில் சாப்பாட்டுக்குக் கீழே ‘வெற்றிலை, புகையிலை: உண்டு / இல்லை’ என்று ஒரு வரி சேர்த்து இருபது பிரதி எடுத்து வைத்தேன். மருமகளுக்கும் போன் பண்ணினேன். ‘நான் குடுக்கல மிஸ், எங்க மாமாதான்’ என்றார்.