அப்பாவுக்காகப் பேசும் உரிமையை எழுத்தில் வாங்கிய கதை

பெற்றோருடன் வேற்று நாட்டில் குடியேறிய குடும்பங்களில், முதலில் மொழி பிடிபட்ட பிள்ளைக்குப் பெற்றோருக்காகப் பேசும் வேலை தானாக வந்து சேரும். எங்கள் வீட்டில் அது நான். ஓய்வூதிய அலுவலகம், வங்கி, மருத்துவமனை, மின்கட்டணம் என்று எந்தக் கடிதம் வந்தாலும் அப்பா அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பிவிடுவார். படித்துச் சொல்வது பெரிய வேலையில்லை. அதற்கடுத்துத் தொலைபேசியில் பேசுவதுதான் உயிரை வாங்கும்.

ஏனென்றால், என்னோடு பேச அவர்களுக்கு அனுமதி இல்லை. கணக்கு அப்பாவுடையது, தகவலும் அவருடையது. எனவே அப்பா தொலைபேசிக்கு வந்து பெயர், பிறந்த தேதி, முகவரி சொல்லி, "என் மகள் பேசலாம்" என்று தன் வாயால் சொல்ல வேண்டும். ஸ்பீக்கரில் போட்டு இருவரும் உட்காருவோம். காத்திருப்பு இசை முடிந்து ஆள் வந்ததும் அப்பாவுக்குப் பதற்றம். ஆவணத்தில் இருக்கும் பிறந்த தேதி வேறு, வீட்டில் சொல்லும் தேதி வேறு; அவர் வாயில் வருவது வீட்டுத் தேதிதான். நான் மெதுவாகச் சரியானதைச் சொல்லிக்கொடுக்க, மறுமுனையில் இருந்தவர் "பின்னால் யாரோ பதில் சொல்லித் தருகிறார்கள், அழைப்பைத் தொடர முடியாது" என்று வைத்துவிட்டார். அவர்மீது தப்பில்லை. முதியவர்களை வற்புறுத்திப் பணம் பறிப்பவர்களும் பக்கத்தில் உட்கார்ந்து இப்படித்தான் சொல்லிக்கொடுப்பார்கள்.

இதில் இன்னொரு சிக்கல் நம் பெயர். அப்பாவின் பெயர்தான் என் கடைசிப் பெயர். அவருடைய கடைசிப் பெயரோ தாத்தாவுடையது. கணினியைப் பார்ப்பவருக்கு நாங்கள் இருவரும் யாரோ எவரோ. நேரில் போகும்போதெல்லாம் உறவைக் காட்ட என் பிறப்புச் சான்றிதழும் அதன் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பும் கைப்பையிலேயே கிடக்கும்.

வாய்மொழி அனுமதி பெரும்பாலும் அந்த ஓர் அழைப்போடு முடிந்துவிடும். அடுத்த வாரம் அதே விஷயத்துக்குக் கூப்பிட்டாலும் மறுபடி முதலிலிருந்து. அதனால் பல அலுவலகங்கள் பிரதிநிதியை எழுத்தில் பதிய ஒரு படிவம் வைத்திருக்கின்றன. நாட்டுக்கு நாடு அதன் பெயர் மாறும், உள்ளடக்கம் ஏறக்குறைய ஒன்றுதான். கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியது ஒன்று: தகவல் கேட்க மட்டும் அனுமதியா, மாற்றங்கள் செய்யவும் அனுமதியா? முதல் வகையில் பணம் ஏன் நின்றது என்று கேட்கலாம். முகவரியைக்கூட மாற்ற முடியாது. கடிதத்தின் நகல் எனக்கும் வர வேண்டும் என்று குறிக்கத் தனியாக ஒரு கட்டம் இருந்தால் அதைத் தவறவிடாதீர்கள். ஒரு கடிதம் கெடு தேதி தாண்டி அப்பாவின் மேசையில் கிடந்தபோதுதான் அந்தக் கட்டத்தின் அருமை எனக்குத் தெரிந்தது.

ஒரு அலுவலகத்தில் கொடுத்த படிவம் இன்னொரு அலுவலகத்துக்குச் செல்லாது. வங்கிக்குத் தனி, வரிக்குத் தனி, மருத்துவமனைக்குத் தனி. சிலவற்றுக்குக் காலாவதித் தேதியும் உண்டு. அலுத்துப்போய்த்தான் பவர் ஆஃப் அட்டர்னி எழுதிவிடலாம் என்று வழக்கறிஞரிடம் போனோம்.

அங்கே அவர் முதலில் விளக்கியது இதைத்தான். சாதாரண பவர் ஆஃப் அட்டர்னி, எழுதிக் கொடுத்தவர் முடிவெடுக்கும் திறனை இழந்தால் பல நாடுகளில் செல்லாமல் போய்விடும். நமக்கு அதிகம் தேவைப்படப்போவதே அந்த நேரத்தில்தான். மறதி நோயோ பக்கவாதமோ வந்த பிறகும் நீடிக்க வேண்டுமென்றால் அதற்கென்று தனி வகை இருக்கிறது. அதைத் தெளிவாக இருக்கும்போதே எழுதியாக வேண்டும். பிறகு எழுதலாம் என்று விட்டால் நீதிமன்றம் போய்ப் பாதுகாவலராக நியமிக்கக் கேட்கும் நிலை வரலாம். பணத்துக்கு எழுதியது சிகிச்சை முடிவுகளுக்குச் செல்லும் என்றும் நினைத்துவிடக் கூடாது. பல இடங்களில் இரண்டும் வேறு வேறு பத்திரங்கள். சில அரசு அலுவலகங்கள் பத்திரத்தைக் காட்டினாலும் எங்கள் படிவத்தையும் நிரப்பு என்கின்றன. அது தனி எரிச்சல்.

அடுத்து அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்றது: "நீங்கள் வெளியே இருங்கள். உங்கள் அப்பாவோடு தனியாகப் பேச வேண்டும்." மொழிபெயர்க்க ஆள்? தொலைபேசியில் ஒரு தொழில்முறை மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்திருந்தார். அதிகாரம் பெறப்போவது நான். அதனால் நானே மொழிபெயர்த்தால், அப்பா புரிந்துதான் கையெழுத்திட்டார் என்று நாளைக்கு நிரூபிக்க முடியாது. பத்திரம் அவருக்குத் தெரிந்த மொழியில் வாசித்துக் காட்டப்பட்டது என்று மொழிபெயர்ப்பாளரும் தனியே கையெழுத்திட்டு அனுப்பினார். இத்தனை வருடம் அப்பாவின் வாயாக இருந்துவிட்டுக் கதவுக்கு வெளியே உட்காருவது எப்படியோ இருந்தது. உள்ளே அப்பாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அலுவலகங்களில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

வெளியே வந்தபோது பத்திரத்தில் அண்ணன் பெயரும் இருந்தது. எனக்கு ஏதாவது ஆனால் மாற்று ஆளாக அவன். வீட்டை விற்பது பற்றிய எந்த முடிவுக்கும் இருவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்றும் அப்பா எழுதச் சொல்லியிருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. முதலில் கோபம்தான் வந்தது. லீவு போட்டு அலைவது நான், உரிமையில் பங்கு அவனுக்கா? அப்பா நிதானமாகச் சொன்னார்: "எல்லாத்தையும் நீயே சுமக்கிறியேம்மா. உன்கிட்ட சொன்னா வேணாம்ப்பான்னுடுவே." உண்மைதான், அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

அதன் பிறகு மருத்துவமனையிலும் அதே வழியைப் பிடித்துக்கொண்டேன். சந்திப்புக்குப் பதிவு செய்யும்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டுவிடுகிறேன். அன்று காலை போய்க் கேட்டால் ஆள் கிடைப்பது கடினம். எந்த மொழி என்பதோடு எந்த நாட்டுத் தமிழ் என்றும் சொன்னால் நல்லது. மொழிபெயர்ப்பாளர் "எனக்கு வலிக்கிறது" என்று அப்பா பேசுவது போலவே தன்மையில் பேசுவார்; மருத்துவர் என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துப் பேசத் தொடங்குவார். 2003-இல் அமெரிக்காவில் குழந்தைகள் மருத்துவத்தில் மொழிபெயர்ப்போடு நடந்த 13 சந்திப்புகளைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். சராசரியாக ஒரு சந்திப்புக்கு 31 மொழிபெயர்ப்புப் பிழைகள், அதில் பாதிக்கு மேல் எதையாவது விட்டுவிடுவது. தொழில்முறையாளர்களும் பிழை செய்திருந்தார்கள், ஆனால் அவர்களுடைய பிழைகளில் ஆபத்தானவை குறைவு. பெற்றோருக்கு மொழிபெயர்க்கும் பிள்ளைகள் எதை விடுவார்கள் என்று எனக்குத் தெரியும். "கட்டி", "பரவியிருக்கலாம்" என்று மருத்துவர் சொன்னால், அதை வாயில் வைத்துக்கொண்டு அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அந்த வேலை இப்போது என்னுடையது இல்லை. பக்கத்தில் மகளாக உட்கார்ந்திருக்கிறேன், தேவைப்பட்டால் அழவும் முடிகிறது.

வேலை குறைந்துவிட்டதா என்றால், இல்லை. படிவம் நிரப்புவது, காத்திருப்பது எல்லாம் அப்படியே. ஆனால் அப்பா தூங்கும்போதும் நான் என் மதிய இடைவேளையில் கூப்பிட்டு முடிக்கலாம். என் பெயர் பதிவில் இருக்கிறது. அவர் ஸ்பீக்கர் முன்னால் தேர்வு எழுதும் பையன் மாதிரி உட்கார வேண்டியதில்லை.

அடுத்து அம்மாவுக்கு எழுத வேண்டும். அப்பாவுடைய பத்திரம் அம்மாவுக்கு உதவாது, ஆளுக்கு ஆள் தனி. அம்மா அண்ணனைத்தான் முதல் ஆளாகப் போடுவேன் என்கிறார். தாராளமாகப் போடட்டும், அவனும் கொஞ்ச நாள் காத்திருப்பு இசை கேட்கட்டும்.